கடல் தாண்டாத ‘ங்க’

அருப்புக்கோட்டையில் செவிலியர் மாணவ மாணவியருக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய சொற்பொழிவு



நான் திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். அருப்புக்கோட்டையில் அத்தை வீட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவே பாடம் படித்தவள். 2003ஆம் ஆண்டு செவிலியர் வேலைக்கு இங்கிலாந்து போனேன். இருபது ஆண்டுகள் அங்கே வார்டுகளில் நின்றுவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். வெளிநாட்டு வேலைக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் உங்களுக்கு விசா பற்றிச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. ஆங்கிலத் தேர்வுக்கு மதுரையில் பயிற்சி வகுப்புகள் இருக்கின்றன. ஆனால் வார்டில் போய் நின்ற பிறகு எப்படிப் பேசுவது? எதை நேராகச் சொல்வது, எதைச் சுற்றிச் சொல்வது? தேநீர் இடைவேளையில் பக்கத்தில் இருப்பவரிடம் என்ன பேசுவது? இதைச் சொல்லித்தர எனக்கு யாரும் இருக்கவில்லை. அதனால் இன்று இதை மட்டும் பேச வந்திருக்கிறேன்.

ஒரு இரவிலிருந்து தொடங்குகிறேன்.

2004ஆம் ஆண்டு, குளிர்காலம். குடலில் அறுவை சிகிச்சை முடிந்து நான்காம் நாள் படுத்திருந்த ஒரு பெரியவர். வயது எழுபதுக்கு மேல். இரவு ஒரு மணிக்கு அவரைப் பார்க்கிறேன். நாடித் துடிப்பு 104. மூச்சு நிமிடத்துக்கு 22. ரத்தத்தில் ஆக்சிஜன் 95 சதவீதம். ரத்த அழுத்தத்தின் மேல் எண் 104. காய்ச்சல் 38.3 டிகிரி செல்சியஸ். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பயமுறுத்தும் எண் இல்லை. சேர்த்துப் பார்த்தால் ஐந்தும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரவுப் பணி டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் நான்கைந்து வார்டுகளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “டாக்டர், தொந்தரவுக்கு மன்னிக்கணும். நான்காம் பெட் பேஷன்ட் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கார். நாடி கொஞ்சம் கூட இருக்கு. உங்களுக்கு நேரம் இருந்தா...” அதோடு நிறுத்தினேன். அந்த ‘இருந்தா’வுக்குப் பின்னால் நான் விட்ட இடைவெளியில் எல்லாமே இருந்தது. பயம் இருந்தது, கெஞ்சல் இருந்தது, ‘உடனே வாங்க’ என்பதும் இருந்தது. டாக்டர், “சரி, பார்த்துக்கொண்டே இருங்கள்” என்றார். நான், “ஓகே டாக்டர்” என்றேன்.

மூன்று மணிக்கு நாடி 124. ரத்த அழுத்தம் 88. மூச்சு 26. எங்கள் இரவுப் பொறுப்பு சிஸ்டர் என் கையிலிருந்து போனை வாங்கினார். நான்கே வாக்கியம் பேசினார். டாக்டர் ஓடி வந்தார். குடலைத் தைத்த இடத்தில் கசிவு. விடிவதற்குள் மறுபடி அறுவை சிகிச்சை. பெரியவர் பிழைத்தார். பிழைக்காமல் போயிருந்தால் நான் இந்த மேடையில் நின்று பேசியிருக்கமாட்டேன்.

அந்த இரண்டு மணி நேரம் எங்கே போனது? எனக்கு ஆங்கிலம் தெரியாதா? தெரியும். நோய் தெரியாதா? தெரியும். டாக்டர் கெட்டவரா? இல்லவே இல்லை. அப்படியானால் நடுவில் எது அறுந்தது? இதைத்தான் பல வருஷம் யோசித்தேன். விடை எனக்கு அங்கே கிடைக்கவில்லை. நம் ஊரில், அத்தை வீட்டுத் திண்ணையில் கிடைத்தது.

அத்தை வீட்டு மாமா கூலிக்கு நெய்தவர். முதலாளியிடம் முன்பணம் கேட்கப் போவார். சின்னப் பிள்ளையாக நானும் கூடப் போவேன். போனதும் பணத்தைப் பற்றிப் பேசுவாரா? மாட்டார். மழை பற்றிப் பேசுவார். பாவு நூல் அறுந்துபோவதைப் பேசுவார். மகள் பிரசவத்துக்கு வந்திருப்பதைச் சொல்வார். பிறகு எழுந்து, “அப்ப வர்றேன்ங்க” என்பார். ஆனால் போகமாட்டார். வாசல்படியில் துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்பார். முதலாளி நிமிர்ந்து பார்த்து, “என்னப்பா, கைச்செலவுக்கு ஏதும் வேணுமா?” என்பார். மாமா கேட்கவே இல்லை. ஆனாலும் பணம் வரும். மாமாவின் மானமும் நிற்கும். முதலாளியின் பெருமையும் நிற்கும்.

இது சுற்றி வளைத்த பேச்சா? இல்லை. மிக நுட்பமான பேச்சு. ஆனால் அந்தப் பேச்சில் பொருளைக் கண்டுபிடிக்கும் வேலை யாருடையது? கேட்பவருடையது! வாசல்படியில் நிற்பது என்றால் என்ன பொருள் என்று முதலாளிக்குத் தெரியும். ஏன் தெரியும்? இருபது வருஷமாக மாமாவைத் தெரியும். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வார்த்தை வெளியே வராது. பல்லாயிரம் ரூபாய் கைமாறும். அதுவும் அப்படித்தான். இரண்டு கைகளுக்கும் ஒரே கணக்கு தெரிந்திருக்கிறது.

நம் திருச்சுழியில் 1879 டிசம்பர் 30ஆம் தேதி பிறந்தவர் ரமண மகரிஷி. மௌனத்தாலேயே உபதேசம் செய்தவர் என்று உலகம் அவரைக் கொண்டாடுகிறது. அந்த மௌனம் யாருக்குக் கேட்டது? அவர் முன்னால் வந்து உட்கார்ந்தவர்களுக்குக் கேட்டது. இரவு ஒரு மணிக்குப் போனில் விடுகிற மௌனம் அந்தப் பக்கம் யாருக்குக் கேட்கும்? என் முகம் தெரியாத, என் ஊர் தெரியாத, தூக்கமில்லாத ஒரு டாக்டருக்கு என் ‘இருந்தா’ வெறும் ‘இருந்தா’தான். நேரம் இருந்தால் வரவேண்டிய வேலை என்று அவர் எடுத்துக்கொண்டார். நான் சொன்னது அதைத்தானே!

ஆகவே பிள்ளைகளே, நாம் பயந்தவர்கள் என்றோ நமக்குத் தைரியம் போதாது என்றோ யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேட்பவர் மாறிவிட்டார், அதனால் பொருளைச் சுமக்கும் வேலை நம் தலைக்கு வந்துவிட்டது. நடந்தது அவ்வளவுதான்.

இப்போது இதற்கு நேர் எதிரான ஒரு தவறைச் சொல்கிறேன். நாம் அங்கே போய் ஒரு பக்கம் சுற்றிப் பேசிச் சிக்குகிறோம். இன்னொரு பக்கம் வெட்டிப் பேசிச் சிக்குகிறோம். எப்படி?

‘அந்த ஃபைலைக் கொடுங்க’ என்று தமிழில் சொல்கிறோம். மரியாதை எங்கே இருக்கிறது? அந்த ‘ங்க’வில் இருக்கிறது. ‘கொடு’ வேறு, ‘கொடுங்க’ வேறு, ‘கொடுங்களேன்’ வேறு, ‘கொஞ்சம் கொடுக்கிறீங்களா’ வேறு. நாலு படி மரியாதையை வினைச்சொல்லின் வாலிலேயே கட்டி வைத்திருக்கிறோம். இதை ஆங்கிலமாக்கினால் என்ன ஆகிறது? ‘கிவ் மீ தட் ஃபைல்.’ ‘ங்க’ எங்கே? கடலில் விழுந்துவிட்டது. ஆங்கில வினைச்சொல்லுக்கு அந்த வால் கிடையாது. ‘ங்க’ இல்லாத வெறும் ‘கொடு’தான் அவர்கள் காதில் விழுகிறது. உங்கள் மனசில் மரியாதை நிறைந்திருக்கிறது. அவர்கள் காதில் அதட்டல் விழுகிறது.

என்னைப் பற்றி முதல் மாதமே ஒரு முறையீடு போயிற்று. ‘அதட்டிப் பேசுகிறார்’ என்று உதவியாளர் ஒருவர் சொல்லியிருந்தார். நான் அன்று இரவு அழுதேன். யாரையும் அதட்டியதாக எனக்கு நினைவே இல்லை. மெதுவாக விளங்கியது. அந்த ஊரில் ‘ங்க’ வினைச்சொல்லில் இல்லை, அதற்கு வெளியே இருக்கிறது. ‘ப்ளீஸ்’ என்பதில் இருக்கிறது. ‘குட் யூ’ என்று தொடங்குவதில் இருக்கிறது. செய்து முடித்ததும் சொல்கிற ‘தேங்க் யூ’வில் இருக்கிறது. நம் வீட்டில் அம்மா தண்ணீர் கொடுத்தால் நன்றி சொல்வோமா? சொன்னால் அம்மாவுக்கு மனசு சங்கடப்படும், ‘என்னடி, அசலாள் மாதிரி’ என்பார். அங்கே சொல்லாவிட்டால்தான் சங்கடம். இது நடிப்பு இல்லை. நாம் வினைச்சொல்லில் வைத்ததை அவர்கள் வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

இதையே திருப்பிப் பாருங்கள். அவர்கள் கட்டளையும் நமக்குக் கட்டளையாகக் கேட்காது. ‘நான்காம் பெட் சார்ட்டை இன்னொரு முறை பார்க்க விருப்பமா?’ என்று மேலதிகாரி கேட்பார். விருப்பம் கேட்கிறார் என்று நினைத்து ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிடாதீர்கள். உடனே பார் என்பதுதான் பொருள். ‘நன்றாகச் செய்தீர்கள், ஒரே ஒரு சின்ன விஷயம்’ என்று தொடங்குவார். அந்தச் சின்ன விஷயத்துக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார். நோயாளியிடம் வலி எப்படி என்று கேட்டால், ‘நாட் டூ பேட்’ என்பார். ஒன்றுமில்லை போல என்று நகர்ந்துவிடாதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருக்கலாம். பத்துக்கு எத்தனை என்று எண் கேளுங்கள். அந்த மக்களும் சுற்றித்தான் பேசுகிறார்கள். சுற்றுகிற பாதை வேறு.

சரி, அவர்களே சுற்றிப் பேசுகிறவர்கள் என்றால் ஆபத்து நேரத்தில் என்ன ஆகிறது? இதற்கு ஒரு உண்மைச் சம்பவம் உண்டு. அந்த நாட்டுச் செவிலியர்கள் பலர் பயிற்சியில் கேட்டிருப்பார்கள்.

2005 மார்ச் மாதம், எலைன் புரோமிலி என்ற 37 வயதுப் பெண். இரண்டு குழந்தைகளின் தாய். மூக்கருகே சைனஸ் பிரச்சினைக்கு ஒரு சாதாரண அறுவை சிகிச்சை. மயக்க மருந்து கொடுத்த பிறகு மூச்சுப் பாதை அடைத்துக்கொண்டது. குழாய் உள்ளே போகவில்லை. ஆக்சிஜன் விழுந்துகொண்டே வந்தது. அறையில் அனுபவம் மிக்க மூத்த டாக்டர்கள் மூன்று பேர். மறுபடி மறுபடி வாய் வழியாகவே குழாயை நுழைக்க முயன்றுகொண்டிருந்தார்கள். நிமிஷங்கள் ஓடின. அந்த நிலையில் கழுத்தில் துளையிட்டு மூச்சு கொடுக்க வேண்டும். ஒரு செவிலியர் அந்தக் கருவிகளைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்குச் சொல்லிவிட்டு வந்தார். டாக்டர்கள் பார்த்த பார்வையில் தான் அளவுக்கு மீறிப் பதறிவிட்டோமோ என்று நினைத்து அந்தப் படுக்கையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எலைன் நினைவு திரும்பாமலேயே 13 நாள் கழித்து இறந்துபோனார்.

அந்தச் செவிலியர்களுக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரிந்திருந்தது. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அவர்கள் யார்? அருப்புக்கோட்டைக்காரர்களா? இல்லை. ஆங்கிலத்திலேயே வேலை செய்து பழகியவர்கள். ‘கருவி தயாராக இருக்கிறது’ என்று அவர் சொன்னதும், ‘நேரம் இருந்தா’ என்று நான் சொன்னதும் ஒரே வாக்கியம்தானே? பொருளை எடுத்துக்கொள்ளும் வேலையை இரண்டுமே கேட்பவரிடம் விட்டுவிட்டன. இதைப் படித்த அன்றுதான் என் நெஞ்சில் இருந்த ஒரு கல் இறங்கியது. இது நம் இனத்தின் குறை இல்லை. கீழே நிற்பவர் மேலே நிற்பவரிடம் பேசும் எந்த இடத்திலும் விழுகிற பள்ளம் இது.

எலைனின் கணவர் மார்ட்டின் புரோமிலி விமானி. விமானத்தில் இப்படி ஒரு சாவு நடந்தால் யார் குற்றவாளி என்று தேடுவதோடு விடமாட்டார்கள். ஏன் சொல்ல முடியாமல் போனது என்று தேடுவார்கள். அதை மருத்துவமனையிலும் தேடச் சொன்னார். 2007இல் இதற்கென்றே ஒரு அமைப்பைத் தொடங்கினார். செவிலியர் எப்படி வாய் திறக்கவேண்டும் என்பது பயிற்சிப் பாடமாக ஆனதில் அந்த மனிதருக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் இன்று கையில் கொடுத்து அனுப்பப் போகிறேன். அதன் பெயர் எஸ்பார். அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்களில் தகவல் சொல்லப் பயன்பட்ட முறை. அதை கைசர் பெர்மனென்டே என்ற அமெரிக்க மருத்துவ நிறுவனம் கொலராடோவில் மருத்துவமனைக்கு ஏற்றபடி மாற்றியது. பிறகு பிரிட்டன் வார்டுகளுக்கும் வந்தது. நாலு படி. நிலைமை என்ன, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, உங்களிடம் கேட்பது என்ன.

என் பெரியவரையே எடுத்துக்கொள்வோம். இன்று அங்கே நியூஸ் ஸ்கோர் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்தியது. அதில் போட்டால் மூச்சு 22க்கு இரண்டு புள்ளி. ஆக்சிஜன் 95, அழுத்தம் 104, நாடி 104, காய்ச்சல் 38.3, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மொத்தம் ஆறு. ஐந்தைத் தொட்டாலே டாக்டர் அவசரமாக வந்து பார்க்கவேண்டும் என்பது விதி. அந்த இரவு எனக்கு இந்தக் கணக்கு கிடையாது. உங்களுக்கு உண்டு. இப்போது போனை எடுங்கள்.

“நான் இந்த வார்டு செவிலியர், என் பெயர் இது. நான்காம் படுக்கை நோயாளியின் நிலை மோசமாகிறது; நியூஸ் ஸ்கோர் ஆறு.” இது நிலைமை. “குடல் அறுவை சிகிச்சை முடிந்து நான்காம் நாள். நேற்று மாலை வரை ஸ்கோர் ஒன்றுதான்.” இது பின்னணி. “தைத்த இடத்தில் கசிவோ, தொற்று ரத்தத்தில் பரவுகிறதோ என்று பயப்படுகிறேன்.” இது என் கணிப்பு. “அரை மணி நேரத்துக்குள் நீங்கள் வந்து பார்க்கவேண்டும். வருவதற்குள் நான் ரத்தப் பரிசோதனைக்கு எடுத்து வைக்கட்டுமா?” இது நான் கேட்பது.

இதில் எங்காவது மரியாதைக் குறைவு இருக்கிறதா? இல்லை. எங்காவது ‘மன்னிக்கணும்’ இருக்கிறதா? அதுவும் இல்லை. நம் பிள்ளைகள் முதல் இரண்டு படியை அருமையாகச் சொல்வார்கள். பரீட்சை எழுதிப் பழகியவர்கள், எண் எல்லாம் சுத்தமாக வரும். மூன்றாவதில் தயங்குவார்கள். ‘நோயைக் கணிக்க நான் யார், டாக்டராச்சே’ என்று நினைப்பார்கள். நாலாவதில் குரல் உள்ளே போய்விடும். ஆனால் அந்தப் பக்கத்து டாக்டர் காத்திருப்பது நாலாவது படிக்காகத்தான். ‘என்னை என்ன செய்யச் சொல்கிறாய்?’ அதைத்தான் அவர் மனசு கேட்டுக்கொண்டிருக்கிறது.

நீங்கள் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்? ஒரே ஒரு அடையாளம். போனை வைக்கும்போது உங்கள் கையில் ஒரு நேரம் இருக்கவேண்டும். ‘ஒன்றரை மணிக்குள் வருகிறேன்.’ அது வந்தால் போய்ச் சேர்ந்தது. ‘சரி, பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று முடிந்தால் போய்ச் சேரவில்லை. அப்போது இன்னொரு முறை சொல்லவேண்டும், சொல்லை ஒரு படி ஏற்றவேண்டும். ‘எனக்குக் கவலையாக இருக்கிறது’ என்பது முதல் படி. ‘இது எனக்குச் சரியாகப் படவில்லை’ என்பது அடுத்தது. ‘இது நோயாளியின் பாதுகாப்பு விஷயம்’ என்பது கடைசி. அந்த மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் பயிற்சி பெற்ற எந்த டாக்டரும் கையில் இருப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கவேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் அவருக்கு மேலே இருப்பவரை அழைக்கவேண்டும். அழைத்தேன் என்று நேரத்தோடு குறிப்பில் எழுதவேண்டும். இதில் கோள் சொல்வது எதுவும் இல்லை.

நம் பக்கம் வந்து சேரும் வார்த்தையிலும் கவனம் வேண்டும். நாம் ‘சரிங்க’ என்று சொன்னால் என்ன பொருள்? ‘கேட்டுக்கொண்டேன்’ என்று பொருள். புரிந்தது என்றோ செய்கிறேன் என்றோ பொருள் ஆகவேண்டியதில்லை. ‘பாப்போம்’ என்றால் இல்லை என்று பொருள். இது நமக்குள் தெரியும். அங்கே ‘யெஸ்’ என்றால் புரிந்தது, செய்கிறேன். புரியாமல் ‘யெஸ்’ சொன்ன மருந்தளவு ஒரு உயிருக்கு விலையாகலாம். அதனால் கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். ‘ஐந்து மில்லிகிராம், இரவு பத்து மணிக்கு, வாய் வழியாக, சரிதானா?’ தலையாட்டலையும் விட்டுவிடுங்கள். ஒரு மூதாட்டி, “இன்னிக்கு வீட்டுக்குப் போகலாமா?” என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே நம் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தேன். அவர் இல்லை என்று எடுத்துக்கொண்டு கண் கலங்கிவிட்டார். அன்றிலிருந்து தலையோடு வாயும் சேர்ந்து பேசும்.

சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போகும் தம்பிமார்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கும் இதே கதைதான். காலையில் வேலை தொடங்குமுன் நிற்க வைத்துச் சொல்வார்கள். புரியாவிட்டாலும் ‘ஓகே பாஸ்’ என்று வாய் சொல்லிவிடும். சாரத்தில் ஏறிய பிறகு புரியவில்லை என்று தெரிந்து என்ன பயன்? கீழே நிற்கும்போதே, ‘நான் செய்யப்போவது இது’ என்று திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அந்த மொழியில் நீ, நீங்கள் இரண்டும் தனித்தனியாக உண்டு. நம் ‘ங்க’வுக்கு அங்கே ஒரு இடம் இருக்கிறது. ஆனால் இல்லை என்பதை இல்லை என்றே முகத்துக்கு நேராகச் சொல்வார்கள். அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி, சும்மாப் பேச்சுக்கு வருகிறேன். ‘வேலைக்குப் போன இடத்தில் வெட்டிப் பேச்சு எதற்கு, தலையைக் குனிந்து வேலையைப் பார்’ என்று சொல்லித்தான் எங்களை அனுப்பினார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ‘ஆர் யூ ஆல்ரைட்?’ என்று கேட்டுக்கொண்டே ஒருவர் கடந்துபோவார். என் முகம் வாடியிருக்கிறதோ, ஏன் கேட்கிறார் என்று பயப்படுவேன். அது நம்முடைய ‘சாப்பிட்டாச்சா?’ என்பது பிற்பாடுதான் தெரிந்தது. நம் ஊரில் சாப்பிட்டாச்சா என்று கேட்டால் என்ன சாப்பிட்டோம் என்று பட்டியலா போடுகிறோம்? ‘ஆச்சு, நீங்க?’ அதே அளவு பதில் அங்கேயும் போதும். திங்கட்கிழமை வந்ததும் வார இறுதி எப்படிப் போனது என்று கேட்பார்கள். ‘நன்றாகப் போனது’ என்று சொல்லி நிறுத்திவிடுவேன். கேட்டவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுவார். பிறகு அவர் கேட்பதையே விட்டுவிட்டார். நான் பந்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன்; திருப்பிப் போடவே இல்லை. ஒரு விஷயம் சொல்லவேண்டும், ஒரு கேள்வி திருப்பிக் கேட்கவேண்டும். ‘மகனோடு பூங்காவுக்குப் போனேன், நீங்கள்?’ அவ்வளவு போதும். சம்பளம் எவ்வளவு, ஏன் கல்யாணம் ஆகவில்லை, ஏன் இளைத்துவிட்டீர்கள், இவையெல்லாம் நமக்கு அக்கறை. அங்கே இவை பூட்டிய அறைகள்.

மழையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். அங்கே சும்மாப் பேச்சின் முதல் பாடம் வானிலை. ஒரு நாள் காலை கொட்டுகிற மழை. பொறுப்பு சிஸ்டர் உள்ளே வந்து குடையை உதறிக்கொண்டே, “எவ்வளவு மோசமான மழை, இல்லையா?” என்றார். நான் மனசார, “இல்லை, அருமையான மழை” என்றேன். பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. அவர் கேட்டது தகவல் இல்லை; ஆமாம் என்று ஒரு துணை. ஆனால் நான் எப்படி ஆமாம் சொல்வேன்? நம் ஊரில் ஐப்பசி கார்த்திகையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் கேட்பது என்ன? “உங்க பக்கம் மழை உண்டா? கண்மாய்க்குத் தண்ணி வந்துச்சா?” இது நமக்குச் சும்மாப் பேச்சா? அந்த வருஷத்துச் சோறு அல்லவா அது! மிளகாயும் பருத்தியும் மல்லியும் வானத்தையே பார்த்து நிற்கிற கரிசல்காட்டில் பிறந்தவளுக்கு மழையை மோசம் என்று சொல்ல வாய் வருமா?

பல நாள் கழித்துத் தேநீர் வேளையில் அவரிடம் அதைச் சொன்னேன். கண்மாய் என்றால் என்ன, ஒரு மழை தப்பினால் என்ன ஆகும், எங்கள் அப்பா கரையில் நின்று வடகிழக்கே பார்ப்பது எப்படி என்றெல்லாம் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அதன் பிறகு ஒவ்வொரு நவம்பரிலும், “உங்கள் ஊர்க் குளம் நிறைந்ததா?” என்று கேட்பார். நானும், அவர் மழையைத் திட்டும்போது, “ஆமாம், இன்று குளிர் அதிகம்” என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்.

அந்தத் தேநீர்ப் பேச்சு வேலைக்கு என்ன உதவியது? சொல்கிறேன். சில மாதம் கழித்து இன்னொரு இரவு, நான் அவரிடம் “எனக்கு ஒரு மாதிரி கவலையாக இருக்கிறது” என்று அரைகுறையாகத்தான் சொன்னேன். அவர் காரணம் கேட்காமல் எழுந்து என் பின்னால் வந்தார். நான் எளிதில் பதறுகிறவள் இல்லை என்று அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. முதலாளிக்கு மாமாவைத் தெரிந்திருந்தது போல. இங்கே இருபது வருஷம் திண்ணையில் உட்கார்ந்து சம்பாதிக்கிற அறிமுகத்தை, அங்கே பத்துப் பத்து நிமிஷத் தேநீர் இடைவேளைகளில் சேர்க்கவேண்டியிருக்கிறது. ஆனால் இதை நம்பி எஸ்பாரை விட்டுவிடாதீர்கள். இரவு டாக்டர் அடிக்கடி மாறுவார். அவரோடு தேநீர் குடித்திருக்கமாட்டீர்கள்.

தேநீர்ப் பேச்சுக்கும் முன்னால் சொல்லவேண்டிய ஒன்று உண்டு, உங்கள் பெயர். கேட் கிரேஞ்சர் என்று ஒரு டாக்டர். முதியோர் மருத்துவம் பார்த்தவர், யார்க்‌ஷயர்க்காரர். அவருக்கே அரிதான ஒரு புற்றுநோய் வந்தது. 2013இல் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபோது ஒன்றைக் கவனித்தார். வருகிறவர்களில் பலர் தங்கள் பெயரைச் சொல்லவே இல்லை. ஊசி போடுகிறார்கள், கட்டிலை நகர்த்துகிறார்கள், யார் என்று தெரியவில்லை. ‘வணக்கம், என் பெயர் இது’ என்ற ஒரு வாக்கியத்தை எல்லோரும் சொல்லவேண்டும் என்று கணவரோடு சேர்ந்து ஒரு இயக்கம் தொடங்கினார். அது பிரிட்டன் மருத்துவமனைகள் முழுக்கப் பரவியது. 2016 ஜூலையில் 34 வயதில் அவர் காலமானார். இன்று அங்கே பல செவிலியர்களின் சட்டையில் அந்த வாசகம் பெரிய எழுத்தில் இருக்கிறது. நீங்கள் எழுதப்போகும் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்விலும் நோயாளி முன் போய் நின்றதும் முதலில் பார்ப்பது அதைத்தான். பெயரைச் சொன்னாயா, அவர் யார் என்று வாயாலும் கைப்பட்டையாலும் சரிபார்த்தாயா, தொடுவதற்குமுன் சம்மதம் கேட்டாயா? நம் பிள்ளைகள் பயத்தில் நேராக ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். கை சுத்தமாக வேலை செய்கிறது, வாய் மூடியிருக்கிறது.

நம் ஊரில் எல்லாச் செவிலியருக்கும் ஒரே பெயர், சிஸ்டர். அங்கே சிஸ்டர் என்பது ஒரு பதவி. அதனால் உங்கள் பெயரை நோயாளி கேட்பார். ‘உங்களுக்குச் சொல்ல வராது, சும்மா இப்படிக் கூப்பிடுங்கள்’ என்று வேறு பெயர் கொடுத்துவிடாதீர்கள். முத்துமாரியோ காளீஸ்வரியோ, மெதுவாக இரண்டு முறை சொல்லிக்கொடுங்கள். அதுவே ஒரு சும்மாப் பேச்சாகிவிடும்.

நேரம் ஆகிவிட்டது, ஆனால் இது கேட்டு மறக்கிற பாடம் இல்லை, வாயால் சொல்லிப் பார்க்கவேண்டிய பாடம். முன்வரிசையில் பச்சைத் தாவணியில் இருக்கிற பிள்ளை, மேடைக்கு வாம்மா. பக்கத்தில் இருக்கிற தம்பி, நீயும் வா. நீ இரவு டாக்டர். உனக்குத் தூக்கமில்லை, கையில் நான்கு வார்டு, சுள்ளென்று பேசு. நீ செவிலியர், தாயி. பெரியவரின் எண்கள் இந்தக் காகிதத்தில் இருக்கின்றன. மன்னிக்கணும் என்று தொடங்கக்கூடாது. கையில் ஒரு நேரம் வாங்காமல் போனை வைக்கக்கூடாது.

மணி ஒன்று. போன் அடிக்கிறது. பேசும்மா.